பீட்டா ஏன் இப்படி ஆடுகிறது? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

ஒரு பங்கின் பீட்டாவைக் கணக்கிடுவது ஐந்து நிமிட வேலை. பங்கின் மாத ரிட்டர்ன் ஒரு பக்கம், நிஃப்டியின் மாத ரிட்டர்ன் மறுபக்கம், நடுவில் ஒரு கோடு, அந்தக் கோட்டின் சாய்வுதான் பீட்டா. வந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதில்தான் சிக்கல். பங்கு மதிப்பீடு செய்ய ஆரம்பித்த காலத்தில் 1.36 என்று வந்தால் 1.36 என்றே எழுதிவைப்பேன், இரண்டு தசம இடத்தோடு. அந்த எண் எவ்வளவு ஆடும் என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்த பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை.

உங்கள் எண்ணில் எது சரியில்லை என்று தோன்றுகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் முதலில் எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் கீழே எதுவும் புரியாது. `vilai.csv` என்பது தேதி வாரியாகப் பங்கின் தினசரி விலையும் (`pangu`) நிஃப்டியின் அளவும் (`nifty`) உள்ள கோப்பு.

```python
import pandas as pd, statsmodels.api as sm
p = pd.read_csv("vilai.csv", index_col=0, parse_dates=True)
r = p.resample("ME").last().pct_change().dropna()
m = sm.OLS(r["pangu"], sm.add_constant(r["nifty"])).fit()
print(m.params["nifty"], m.bse["nifty"], m.rsquared)
```

(பழைய பாண்டாஸ் என்றால் `"ME"` இடத்தில் `"M"`. மாதத்தின் நடுவில் ஓட்டினால் கடைசி வரிசை பாதி மாதமாக நிற்கும், அதை வெட்டிவிடுங்கள்.)

நாலாவது வரியில் பீட்டா பிறக்கிறது, எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது `m.bse`, அதாவது அந்தப் பீட்டா எவ்வளவு ஆடக்கூடும் என்று சொல்கிற திட்டப் பிழை. அது எங்கிருந்து வருகிறது என்பதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம்:

```
SE = sigma_e / (sigma_m * sqrt(n))
```

`sigma_m` என்பது சந்தையின் மாத ஏற்ற இறக்கம், `sigma_e` என்பது சந்தையோடு சம்பந்தமில்லாமல் அந்தப் பங்கு மட்டும் ஆடுகிற ஆட்டம், `n` எத்தனை மாதம். சந்தை மாதத்துக்கு 5%, பங்கின் சொந்த ஆட்டம் 8%, மாதங்கள் 60 என்று வைத்துக்கொண்டால் திட்டப் பிழை 0.21 வருகிறது. நடுத்தர அளவு நிறுவனப் பங்கு ஒன்றுக்கு இது கொஞ்சமும் மிகையான ஊகம் இல்லை. 95 சதவீத நம்பிக்கை வேண்டும் என்றால் இந்தப் பக்கம் 0.42, அந்தப் பக்கம் 0.42. ஆக 1.36 என்று நான் எழுதிவைத்தது உண்மையில் 0.94 முதல் 1.78 வரை எங்கேயும் இருந்திருக்கலாம். சந்தையின் கூடுதல் ரிட்டர்ன் 7% என்று எடுத்தால், பங்கு மூலதனச் செலவில் இதனால் வரும் ஆட்டம் இரு பக்கமும் ஏறக்குறைய 2.9 புள்ளி. தள்ளுபடி விகிதத்தில் அவ்வளவு மாறினால் பங்கின் மதிப்பு என்ன ஆகும் என்று ஒருமுறை உங்கள் ஷீட்டில் போட்டுப் பாருங்கள்.

அறிகுறி: ஒரு தளத்தில் 1.36, இன்னொன்றில் 1.10

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். "அண்ணா, எது சரி?" என்று. பெரும்பாலும் இரண்டும் சரிதான். அவை கேட்ட கேள்வி வேறு வேறு, அவ்வளவே.

யாஹூ ஃபைனான்ஸ் பக்கத்தில் `Beta (5Y Monthly)` என்றே எழுதியிருக்கும், ஐந்து வருட மாத ரிட்டர்ன். புளூம்பெர்க் வழக்கமாக எடுப்பது இரண்டு வருட வார ரிட்டர்ன், அதோடு விடாமல் சரிசெய்த பீட்டா என்று ஒன்றையும் காட்டும்: வந்த எண்ணை 0.67 ஆல் பெருக்கி, கூடவே 0.33 சேர்த்தது. இந்த இரண்டாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. 1.10 என்பது அப்படிச் சரிசெய்த எண் என்றால் அதிலிருந்து 0.33 கழித்து 0.67 ஆல் வகுங்கள், 1.15 வரும். அதுதான் ரெக்ரஷன் சொன்ன மூல எண். இடைவெளி 0.26 இலிருந்து 0.21 ஆகச் சுருங்கிவிட்டது.

மிச்சம் 0.21. இதற்குக் காரணம் தேடுமுன் இரண்டு எண்களின் திட்டப் பிழையையும் பாருங்கள். மாதக் கணக்குக்கு 0.21 என்று மேலே பார்த்தோம். இரண்டு வருட வாரக் கணக்கில் 104 வாரம், சந்தை வாரத்துக்கு 2%, பங்கின் சொந்த ஆட்டம் 3.5% என்றால் 0.17. இத்தனை பிழையுள்ள இரண்டு எண்களுக்கு நடுவே 0.21 வித்தியாசம் இருந்தால் அதில் விளக்குவதற்கே ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே எண் என்றே வைத்துக்கொள்ளலாம். எந்தச் சந்தைக் குறியீட்டை எடுத்தார்கள் என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், நிஃப்டி 50 ஒரு தளத்திலும் சென்செக்ஸ் இன்னொன்றிலும் என்றால் பெரிய பாதகம் இல்லை, வெளிநாட்டுக் குறியீடு என்றால் அந்த எண்ணைத் தூக்கிப் போடுங்கள்.

இங்கே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அதே ஐந்து வருடத்தை மாதமாக வெட்டாமல் வாரமாக வெட்டினால் 60 ரிட்டர்ன் இருந்த இடத்தில் 260 கிடைக்கிறது, `sigma_e` யும் `sigma_m` உம் ஒரே விகிதத்தில் சுருங்குவதால் அவை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், திட்டப் பிழை பாதியாகி 0.10 பக்கம் வந்துவிடும். மாத ரிட்டர்னை வைத்துக்கொண்டே இதே அளவுக்குக் குறைக்க வேண்டும் என்றால் இருபது வருடம் பின்னால் போக வேண்டும், அந்த நிறுவனம் இருபது வருடத்துக்கு முன்னால் என்ன தொழில் செய்தது என்று யாருக்குத் தெரியும்? அதனால் நன்றாக வியாபாரம் ஆகிற பங்கு என்றால் நான் வார ரிட்டர்ன்தான் எடுப்பேன்.

அறிகுறி: போன மாதம் 1.13, இந்த மாதம் 0.85, நிறுவனத்தில் எதுவும் நடக்கவில்லை

புதிதாக எந்த மாதம் உள்ளே வந்தது என்று எல்லாரும் பார்ப்பார்கள். எந்த மாதம் வெளியே போனது என்று பாருங்கள்.

2020 மார்ச்சில் நிஃப்டி 11,201 இலிருந்து 8,597 க்கு இறங்கியது, ஒரே மாதத்தில் 23% வீழ்ச்சி. 60 மாதக் கணக்கில் 2025 பிப்ரவரி வரை அந்த மாதம் உள்ளே இருந்தது. 2025 மார்ச் முடிந்ததும் வெளியே போய்விட்டது. அந்த ஒரு வரிசை நகர்ந்ததற்கு எண் ஏன் இவ்வளவு குதிக்க வேண்டும்?

ரெக்ரஷன் எல்லா மாதத்துக்கும் சம ஓட்டு தருவதில்லை. சராசரியிலிருந்து சந்தை எவ்வளவு விலகியதோ, அதன் வர்க்கம்தான் அந்த மாதத்தின் எடை. மற்ற 59 மாதமும் சராசரியாக 4.5% விலகின என்றால் அவற்றின் எடை மொத்தம் 59 × 20.25, ஏறக்குறைய 1,195. 2020 மார்ச்சின் விலகல் சுமார் 24, எடை 576. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு கிட்ட அந்த ஒரே மாதத்திடம் இருக்கிறது. அந்த மாதத்தில் நம் பங்கு 41 புள்ளி விலகியிருந்தால் அதன் சாய்வு 1.7. மற்ற மாதங்கள் எல்லாம் சேர்ந்து 0.85 என்று சொன்னாலும், 1.7 இல் மூன்றில் ஒன்றும் 0.85 இல் மூன்றில் இரண்டும் கலந்து 1.13 வரும். மார்ச் வெளியேறியதும் மிச்சமிருக்கும் 0.85 தலைகாட்டுகிறது. நிறுவனம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

கண்டுபிடிப்பது எளிது. சந்தை ரிட்டர்னின் விலகல் வர்க்கங்களை எடுத்து மொத்தத்தால் வகுத்து இறங்கு வரிசையில் போடுங்கள், முதல் மூன்று வரிசை எவ்வளவு எடையைச் சாப்பிடுகின்றன என்று தெரிந்துவிடும். அப்புறம் அந்த மாதத்தை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள்.

எடுத்துவிடுவதா வைத்துக்கொள்வதா என்பது வேறு கேள்வி, அதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கெட்ட மாதம் என்பதற்காக அதை நீக்கக் கூடாது. சந்தை நொறுங்கும்போது இந்தப் பங்கு எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள், படிப்பவருக்குத் தெரியட்டும்.

அறிகுறி: மாதக் கடைசிக்குப் பதிலாகப் பத்தாம் தேதி எடுத்தால் வேறு எண்

உங்கள் நிரலில் பிழை இல்லை. மாதக் கடைசி என்பது காலண்டர் சொன்ன இடம், விலைக்கு அது தெரியாது. அதே ஐந்து வருடத்தை வேறு இடங்களில் வெட்டிப் பாருங்கள்:

```python
for k in range(21):
    q = p.iloc[k::21].pct_change().dropna()
    print(k, q.cov().loc["pangu", "nifty"] / q["nifty"].var())
```

இருபத்தொரு பீட்டா வரும். அவற்றின் சராசரியை எடுத்துக்கொள்ளலாம், ஒற்றைத் தேதியின் தயவில் நிற்பதைவிட அது நிதானமானது. ஆனால் அந்த இருபத்தொன்றையும் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணிவிடாதீர்கள், எல்லாம் ஒரே ஐந்து வருடத்தின் துண்டுகள்தான்.

அறிகுறி: தினசரி ரிட்டர்னில் 0.4, வாரத்தில் 0.7, மாதத்தில் 1.1

இப்படிப் படிப்படியாக ஏறினால் பங்கு சரியாக வியாபாரம் ஆகவில்லை என்று அர்த்தம். சிறு நிறுவனப் பங்குகளில் இது சாதாரணம். இங்கே கிடைப்பது ஆட்டம் இல்லை, எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிற பிழை, அதனால் நிறையத் தரவு சேர்த்தாலும் சரியாகாது. மேலே வார ரிட்டர்னைப் புகழ்ந்தேன் அல்லவா, அந்தப் புகழ்ச்சி இந்தப் பங்குகளுக்குப் பொருந்தாது.

மதியம் இரண்டு மணிக்குச் சந்தை விழுகிறது, இந்தப் பங்கில் கடைசி வியாபாரம் பதினொன்றரைக்கே முடிந்துவிட்டது. இன்றைய விலையில் அந்த வீழ்ச்சி இல்லை, நாளைதான் தெரியும். நம் நாட்டில் இதோடு சர்க்யூட்டும் சேர்ந்துகொள்கிறது. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி 13% விழுந்தது. 5% விலை வரம்பு உள்ள ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள், அது 5% இறங்கி லோயர் சர்க்யூட்டில் உறைந்துவிடும், விற்க வரிசை நிற்கும், வாங்க ஆள் இல்லை. மறுநாள் நிஃப்டி 2.5% ஏறியது. விற்கக் காத்திருந்தவர்கள் இன்னும் வரிசையில் இருந்தால் பங்கு அன்றும் 5% இறங்கும். ரெக்ரஷன் இதை எப்படிப் படிக்கும்? முதல் நாள் சாய்வு 0.38. இரண்டாம் நாள் சந்தை மேலே, பங்கு கீழே, ஏதோ சந்தைக்கு எதிராக ஓடுகிற பாதுகாப்பான பங்கு போல. உண்மையில் வெளியே வரவே வழியில்லாத பங்கு அது!

இதற்கு டிம்சன் 1979 இல் சொன்ன வழி இன்றும் கைகொடுக்கிறது. இன்றைய சந்தை ரிட்டர்னோடு நேற்றையதையும் முந்தாநாளையும் தனித்தனிப் பத்திகளாகச் சேர்த்து ரெக்ரஷன் ஓட்டி, வந்த மூன்று குணகங்களையும் கூட்டுங்கள். முந்தைய நாள் குணகம் பெரிதாக, நேர்மறையாக வந்தால் நோய் இதுதான் என்று உறுதி. எத்தனை நாள் பின்னால் போவது என்றால், குணகம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் வரை. கூட்ட வேண்டிய எண்கள் கூடக் கூடத் திட்டப் பிழையும் கூடும், அதனால் பத்து நாள் என்றெல்லாம் போகாதீர்கள், அதற்கு மாத ரிட்டர்னே மேல்.

அறிகுறி: எல்லாம் சரியாக இருக்கிறது, திட்டப் பிழை மட்டும் அநியாயத்துக்குப் பெரியது

விலைப் பத்தியில் போனஸ், ஸ்ப்ளிட், பிரிப்பு இவை சரிசெய்யப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ரிலையன்ஸ் 2024 அக்டோபர் 28 இல் ஒன்றுக்கு ஒன்று போனஸில் விலை பாதியானது. சரிசெய்யாத தரவில் அது 50% வீழ்ச்சி.

சுவாரஸ்யம் என்னவென்றால் இந்த ஒரே தவறு இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வெளிப்படும். தினசரி ரிட்டர்னில், அன்று நிஃப்டி அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் அசைந்தது என்பதால் அந்த நாளுக்கு எடையே இல்லை, பீட்டா 0.02 அளவுக்குத்தான் நகரும், ஆனால் எச்சத்தில், அதாவது கோடு விளக்காமல் விட்ட மிச்சத்தில், ஒரு மலை நிற்பதால் திட்டப் பிழை வீங்கும். மாத ரிட்டர்னில் அப்படி இல்லை. 2024 அக்டோபரில் நிஃப்டி 6% க்கு மேல் விழுந்தது, சராசரியிலிருந்து விலகல் ஏறக்குறைய 7. பொய்யான கூடுதல் வீழ்ச்சி சுமார் 45 புள்ளி. 7 × 45 ஐ மொத்த எடை 1,500 ஆல் வகுத்தால் 0.21, அந்த அளவுக்குப் பீட்டாவே மேலே தூக்கிவிடும், யாருக்கும் சந்தேகம் வராத ஒரு எண்ணாக.

அதனால் ரெக்ரஷனுக்கு முன்னால் பங்கின் ரிட்டர்னைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி மேலே ஐந்து, கீழே ஐந்து கண்ணால் பார்த்துவிடுங்கள். ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்த 2023 ஜூலை 20 போன்ற நாள்கள் இன்னும் தந்திரமானவை. முந்தைய நாள் 2,841.85, பிரிப்புக்குப் பின் 2,580, ஒன்பது சதவீதம் இறக்கம், பார்த்தால் நிஜமான வீழ்ச்சி போலவே இருக்கும்.

அறிகுறி: ரோலிங் பீட்டா அலை அலையாகப் போகிறது

60 மாதச் சன்னலை மாதம் மாதமாக நகர்த்திப் படம் போட்டால் அழகான அலை வரும். உடனே அதற்குக் கதை எழுதத் தோன்றும்: இங்கே ஏறியது வட்டி விகிதத்தால், இங்கே இறங்கியது புது நிர்வாகத்தால். எழுதுமுன் இதை ஓட்டுங்கள்:

```python
import numpy as np
rng = np.random.default_rng(1)
x = rng.normal(0.01, 0.05, 240)
y = 1.0 * x + rng.normal(0, 0.08, 240)
b = [np.polyfit(x[i:i+60], y[i:i+60], 1)[0] for i in range(181)]
print(min(b), max(b))
```

இங்கே உண்மையான பீட்டா இருபது வருடமும் 1.0, நாமே வைத்தது. அப்படியும் `b` ஐப் படமாகப் போட்டால் அதே அலைதான் வரும். அடுத்தடுத்த சன்னல்கள் 59 மாதங்களைப் பகிர்ந்துகொள்வதால் பிழையும் மெதுவாகவே நகர்கிறது, அது கண்ணுக்குப் போக்கு மாதிரித் தெரிகிறது. `default_rng` உள்ளே எண்ணை மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். உங்கள் பங்கின் அலை இவற்றைவிட உயரமாக இல்லை என்றால், பீட்டா மாறியது என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை.

சரி, கடைசியில் எந்த எண்ணை எழுதுவது?

ரெக்ரஷன் தந்த எண்ணை அப்படியே எழுதாதீர்கள், 1 பக்கம் கொஞ்சம் இழுத்து எழுதுங்கள். மிக உயர்ந்து வந்த பீட்டாக்கள் அடுத்த காலகட்டத்தில் 1 ஐ நோக்கி இறங்கும், மிகத் தாழ்ந்தவை ஏறும் என்று புளூம் 1971 இலேயே காட்டியிருக்கிறார். உச்சத்தில் வந்த எண்ணில் பிழையும் மேல்நோக்கியே இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பது அதற்கு ஒரு காரணம்.

எவ்வளவு இழுப்பது? 0.67, 0.33 என்ற வாய்பாடு எல்லாப் பங்கையும் ஒரே அளவு நம்புகிறது, எனக்கு அது ஒத்துவரவில்லை. வசிசெக் 1973 இல் தந்த முறையில் பங்கின் சொந்தத் திட்டப் பிழை உள்ளே வருகிறது:

```
w = s0^2 / (s0^2 + SE^2)
beta = w * b + (1 - w) * 1
```

`s0` என்பது பங்குகளின் உண்மையான பீட்டாக்கள் தங்களுக்குள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது, 0.3 என்று வைப்போம். திட்டப் பிழை 0.21 என்றால் `w` 0.67 வரும், அதாவது புளூம்பெர்க் வாய்பாடேதான். ஆனால் திட்டப் பிழை 0.4 உள்ள ஒரு சிறு பங்குக்கு 1.6 வந்திருந்தால் `w` 0.36 ஆகிறது, முடிவு 1.22. பழைய வாய்பாடு அதற்கு 1.40 தந்திருக்கும். 1 க்குப் பதிலாக அந்தத் துறையின் சராசரியைப் போட்டால் இன்னும் நல்லது. ஒரே துறைப் பங்குகளின் எச்சங்கள் சேர்ந்தே அசைவதால், பத்து பங்கின் சராசரியில் பிழை நீங்கள் எதிர்பார்க்கிற அளவுக்குக் குறையாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

அறிகுறி: நிறுவனமே மாறிவிட்டது, பீட்டா மாறவில்லை

எச்டிஎஃப்சி வங்கியோடு எச்டிஎஃப்சி நிறுவனம் 2023 ஜூலை 1 இல் இணைந்தது. அந்தத் தேதியைத் தாண்டுகிற எந்தச் சன்னலிலும் இரண்டு வேறு நிறுவனங்கள் இருக்கின்றன. இப்படி ஒரு தேதி தெரிந்தால் முன்னும் பின்னும் தனித்தனியாக ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் பெரும்பாலும் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஏதோ ஒரு பங்குக்கு முன்பு 1.05, பிறகு 1.25, இரண்டுக்கும் திட்டப் பிழை 0.15 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.20, வித்தியாசத்தின் பிழை 0.21. மாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம். நீளமாக எடுத்தால் பழைய நிறுவனத்தைத் துல்லியமாக அளக்கிறோம், குறுக்கி எடுத்தால் புதிய நிறுவனத்தை மங்கலாக அளக்கிறோம், இதற்கு நடுவே நல்ல வழி எதுவும் தரவுக்குள் இல்லை.

மாற்றம் கடனில் என்றால் மட்டும் தரவுக்கு வெளியே ஒரு வழி உண்டு. கடன், பங்கு மூலதனத்தின் சந்தை மதிப்பில் 0.5 பங்காக இருந்த காலத்தில் நீங்கள் நம்பும் பீட்டா 1.1, வரி 25% என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.1 ஐ (1 + 0.75 × 0.5) ஆல், அதாவது 1.375 ஆல் வகுத்தால் கடனில்லாத பீட்டா 0.8. இப்போது பெரிய கடன் வாங்கி அந்த விகிதம் 1 ஆகிவிட்டது என்றால் 0.8 × 1.75, அதாவது 1.4. கடன் வாங்கிய மறுநாளே இதை எழுதிவிடலாம். ரெக்ரஷன் அங்கே வந்து சேர நாலைந்து வருடம் ஆகும், அதற்குள் கடன் மறுபடி மாறியிருக்கும்.